வால்யூம் நோடு: சுவரா, சேறா?

சார்ட்டுக்குக் கீழே வரிசையாக நிற்கும் வால்யூம் கம்பிகள், எந்த நேரத்தில் எவ்வளவு பங்கு கைமாறியது என்று காட்டும். அதே வால்யூமை நேரம் பார்க்காமல் விலைவாரியாகப் பிரித்து, சார்ட்டின் ஓரத்தில் படுக்கைவாட்டில் அடுக்கினால் வால்யூம் புரொஃபைல் கிடைக்கும். அதில் வயிறு போலத் தள்ளிக்கொண்டு தெரியும் பகுதி ஹை வால்யூம் நோடு. இடுப்பு போல ஒடுங்கிக் கிடப்பது லோ வால்யூம் நோடு. எல்லாவற்றிலும் நீளமான ஒற்றை வரிக்கு பாயிண்ட் ஆஃப் கன்ட்ரோல், சுருக்கமாக பிஓசி, என்று பெயர்.

இதைப் படிக்கத் தொடங்கும் எல்லோர் காதிலும் முதலில் விழும் விதி ஒன்றுதான்: பெரிய நோடு வந்தால் விலை நிற்கும் அல்லது திரும்பும். அந்த "அல்லது"தான் சிக்கல். நிற்பதும் திரும்புவதும் ஒரே விஷயம் இல்லை. ஒன்றில் பணம் வரும், மற்றொன்றில் நாள் முழுக்க உட்கார்ந்து கமிஷன் மட்டும் கட்டுவீர்கள். நானும் சில காலம் பிஓசி வரியிலேயே ஆர்டர் போட்டு வைத்துக் காத்திருந்தவன்தான். விலை வரும், ஆர்டர் நிரம்பும், அப்புறம் மேலும் போகாமல் கீழும் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நோடைச் சுவர் என்று நினைத்ததால் வந்த வினை அது. நோடின் நடுப்பகுதி சேறு மாதிரி. அதற்குள் வந்த விலை சிக்கி மெதுவாகும். திரும்புவது என்றால், அது பெரும்பாலும் சேற்றில் கால் வைக்கும் முன், ஓரத்திலேயே நடந்துவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு இந்தப் படம் பிறந்த கதை உதவும். 1980களில் சிகாகோ போர்டு ஆஃப் ட்ரேடில் வியாபாரம் செய்த பீட்டர் ஸ்டைடில்மையர் மார்க்கெட் புரொஃபைல் என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அந்த அரை மணியில் விலை தொட்ட இடங்களில் எல்லாம் அந்த எழுத்தை எழுதிக்கொண்டே போக வேண்டும். நாள் முடிவில் எழுத்துகள் குவிந்த விலைதான் சந்தை அதிக நேரம் தங்கிய விலை. சந்தை என்பது ஓயாமல் நடக்கும் ஏலம் என்பது அவர் பார்வை. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் ஒத்துவராத விலையில் ஏலம் தங்காது, கடந்து போய்விடும். இருவருக்கும் ஒத்துவரும் விலையில் நேரம் செலவாகும், வியாபாரம் சேரும். வால்யூம் புரொஃபைல் அதே யோசனையில் எழுத்துக்குப் பதில் வால்யூமை வைக்கிறது, அவ்வளவுதான். ஆக, பெரிய நோடு என்பது "இந்த விலை நியாயம்" என்று நிறையப் பேர் ஒப்புக்கொண்டதன் தடயம். நியாயம் என்று ஒப்புக்கொண்ட விலையிலிருந்து எவரும் அலறியடித்து ஓட மாட்டார்கள். அங்கே பேரம்தான் நடக்கும்.

சரி, ஓர் உதாரணத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஒரு பங்கு 20 நாள்களாக 100க்கும் 115க்கும் இடையே ஆடியிருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு புள்ளி என்று பிரிக்கிறோம். 104 என்றால் 104.00 முதல் 104.99 வரை. இரண்டாவது எண், அந்த வரியில் கைமாறிய பங்குகள், ஆயிரத்தில். கணக்குக்கு வசதியாக நானே அமைத்த எண்கள் இவை.

```
114    5  ▌
113   22  ██
112   50  █████
111   70  ███████
110   55  █████▌
109   25  ██▌
108   10  █
107   20  ██
106   60  ██████
105  100  ██████████
104  120  ████████████
103   90  █████████
102   45  ████▌
101   20  ██
100    8  ▌
```

மொத்தம் 7 லட்சம் பங்குகள். பிஓசி 104. இனி வேல்யூ ஏரியா, அதாவது மொத்த வால்யூமில் 70 சதவீதம் அடங்கும் பகுதி. இங்கே அது 4,90,000. மென்பொருள்கள் இதைக் கண்டுபிடிக்கும் வழக்கமான முறை எளிது: பிஓசியில் தொடங்கி, மேலே உள்ள இரண்டு வரிகளின் கூட்டையும் கீழே உள்ள இரண்டு வரிகளின் கூட்டையும் ஒப்பிட்டு, பெரியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 70 சதவீதம் ஆகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

செய்வோம். கையில் 120. மேலே 105, 106 சேர்ந்து 160. கீழே 103, 102 சேர்ந்து 135. மேல் பக்கம் பெரிது, சேர்த்தால் 280. அடுத்து மேலே 107, 108 இரண்டும் வெறும் 30. கீழே அதே 135. கீழ் பக்கத்தைச் சேர்த்தால் 415. இப்போது மேலே 30, கீழே 101, 100 சேர்ந்து 28. இரண்டு ஆயிரம் வித்தியாசத்தில் மேல் பக்கம் ஜெயிக்கிறது, 445. அடுத்து மேலே 109, 110 சேர்ந்து 80, கீழே அதே 28. சேர்த்தால் 525, வேலை முடிந்தது. வேல்யூ ஏரியா 102 முதல் 110 வரி வரை என்று திரையில் கோடு விழும்.

அந்த மேல் கோட்டை ஒரு நிமிடம் பாருங்கள். 110 வரியின் உச்சி, அதாவது 111. அது இரண்டாவது வயிற்றின் நட்ட நடுவில் போய் நிற்கிறது! கணக்கு பள்ளத்தைத் தாண்டி, எதிர்க் கரையில் பாதி ஏறி, 70 சதவீதம் ஆனதும் நின்றுவிட்டது. அந்த 111க்குச் சந்தையைப் பொறுத்தவரை "எல்லை" என்ற அர்த்தமே கிடையாது. அங்கே விலை திரும்பும் என்று எதிர்பார்ப்பவர், ஒரு நோடின் மையத்தை அதன் ஓரம் என்று தப்பாகப் படிக்கிறார். 70 சதவீதம் என்ற அளவே மணி வடிவப் பரவலில் நடுவிலிருந்து இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்கும் சுமார் 68 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஒற்றை வயிறு இருக்கும்வரை அது பொருந்தும். இரட்டை வயிற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, பள்ளத்தில் வெட்டுவது. 108 வரியில் வால்யூம் மிகக் குறைவு. அதுவரை கீழ் வயிறு, அதற்கு மேல் மேல் வயிறு. கீழ் வயிற்றின் மொத்தம் 4,73,000. அதில் 70 சதவீதம் ஏறக்குறைய 3,31,000. அதே முறையில் மறுபடி செய்தால் இரண்டாவது சுற்றிலேயே 415 வந்துவிடுகிறது. எல்லை 102 முதல் 106 வரி வரை. இப்போது கீழ் நோடின் மேல் ஓரம் 107 என்று தெளிவாக விழுகிறது. கண்ணால் பார்த்தாலும் அதுதான் தெரியும்: 106இல் 60 இருந்தது, 107இல் சட்டென்று 20 ஆகிவிடுகிறது. கூட்டம் முடியும் இடம் அது.

இப்போது விலை மேல் வயிற்றில், 112 பக்கம் இருக்கிறது, இறங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 109க்குக் கீழே வந்துவிட்டால் பள்ளத்தில் வேகமாக இறங்க வாய்ப்பு அதிகம். அங்கே முன்பு வியாபாரம் செய்தவர்கள் குறைவு, ஆகவே அந்த விலையை நினைவில் வைத்திருப்பவர்களும் குறைவு. 107க்கு வந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, 106.80, 106.60 என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஓர் அரை மணி கேண்டில் முடிவதற்குள் 107க்கு மேலே ஏறிவிடும். ஏலத்தின் மொழியில், கீழ் வயிற்றின் விலைகளைச் சந்தை ஏற்க மறுத்துவிட்டது. இதுதான் நாம் தேடும் திரும்பல். மற்றொன்று, அடுத்தடுத்து இரண்டு அரை மணி கேண்டில்கள் 107க்குக் கீழேயே முடியும். அப்படியானால் விலை உள்ளே அனுமதிக்கப்பட்டுவிட்டது. அடுத்த நிறுத்தம் 104 பக்கம், அங்கே மந்தம், 103க்கும் 105க்கும் இடையே இழுபறி. புரொஃபைல் ஆட்கள் இதற்கு "80 சதவீத விதி" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வேல்யூ ஏரியாவுக்கு வெளியே தொடங்கிய விலை உள்ளே வந்து இரண்டு அரை மணி தங்கினால், மறு ஓரம் வரை போக 80 சதவீத வாய்ப்பாம். யோசனை சரி. அந்த 80ஐ மட்டும் எல்லாச் சந்தைக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே விலையைத் தடுப்பது யார்? பழைய வால்யூம் முடிந்துபோன வியாபாரம். அது காத்திருக்கும் ஆர்டர் இல்லை. 104இல் ஒரு லட்சத்து இருபதாயிரம் பங்கு கைமாறியது என்றால், அங்கே இப்போது யாரோ வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று பொருள் ஆகாது. ஒவ்வொரு வியாபாரத்திலும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். ஆகவே நோடு "வாங்கும் சக்தி" காட்டுகிறது என்பதும் தப்பு. அது காட்டுவது, எத்தனை பேருக்கு அந்த விலை தங்கள் அடக்க விலையாக மனதில் பதிந்திருக்கலாம் என்பதைத்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான ஏற்றத்தாழ்வு வருகிறது. விலை நோடுக்குக் கீழே போய், பிறகு கீழிருந்து மேலே வரும்போது நடப்பதைப் பாருங்கள். 104இல் வாங்கியவர்கள் விலை 97க்குப் போனபோது நஷ்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "அசல் வந்தால் போதும், கையைக் கழுவிவிடுகிறேன்" என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்போம். 104 வந்ததும் அவர்கள் விற்கிறார்கள், விலை தேங்குகிறது. நஷ்டத்தில் விற்க மனம் வராத இந்தப் பழக்கத்துக்கு ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டாட்மன் இருவரும் 1985இல் பெயர் வைத்து எழுதினார்கள். 1998இல் டெரன்ஸ் ஓடியன் ஒரு தரகு நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான கணக்குகளை எடுத்துப் பார்த்து, லாபத்தில் உள்ளதை விற்கும் அளவுக்கு நஷ்டத்தில் உள்ளதை மக்கள் விற்பதில்லை என்று காட்டினார். ஆக, கீழிருந்து வரும் விலைக்கு நோடு தடையாக இருப்பதற்கு மனித இயல்பில் ஒரு நேரடிக் காரணம் இருக்கிறது.

மேலிருந்து இறங்கி வரும்போது அந்தக் காரணம் அவ்வளவு பலமானது இல்லை. 104இல் வாங்கியவர் 112இல் லாபத்தில் இருந்தார். இப்போது லாபம் கரைகிறது. அவர் மறுபடி வாங்கலாம், பயந்து விற்கவும் செய்யலாம். தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் முதல் முறை தவறவிட்டவர்களும், 104இல் விற்றுவிட்டுப் பிறகு வருந்தியவர்களும்தான். அவர்கள் பிஓசி வரும்வரை பொறுக்க மாட்டார்கள். எங்கே மறுபடி கைநழுவிப் போய்விடுமோ என்று 107, 106.50 என்று ஓரத்திலேயே வாங்கிவிடுவார்கள். திரும்பல் மையத்தில் நடக்காமல் ஓரத்தில் நடப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான விளக்கம் இது.

இன்னொரு கேள்வி, நோடு எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மார்க் கிரின்பிளாட், பிங் ஹான் இருவரும் 2005இல் எழுதிய ஆய்வில், பங்கு வைத்திருப்பவர்களின் சராசரி அடக்க விலையைக் கணக்கிட ஓர் அழகான வழி வைத்தார்கள். பழைய விலையில் வாங்கப்பட்ட பங்கு இன்னும் அதே கையில் இருக்க வேண்டுமானால், இடையில் நடந்த ஒவ்வொரு காலத்து வியாபாரத்திலும் அது விற்கப்படாமல் தப்பியிருக்க வேண்டும். ஆகவே இடையில் எவ்வளவு கைமாறியதோ அவ்வளவுக்குப் பழைய விலையின் எடை தேயும். நம் பங்குக்குச் சந்தையில் புழங்குவது 20 லட்சம் பங்குகள் என்று வைப்போம். கீழ் நோடு உருவான பிறகு வேறு விலைகளில் இன்னும் 20 லட்சம் கைமாறியிருந்தால், அந்த நோடின் நினைவில் ஏறத்தாழ 37 சதவீதம்தான் மிச்சம். 40 லட்சம் கைமாறியிருந்தால் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லோரும் சமமாக விற்கக்கூடியவர்கள் என்ற அனுமானத்தில் வரும் கணக்கு இது. ஒரே நாளில் வாங்கி விற்பவர்கள் அதே சில பங்குகளைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள், அதனால் உண்மையில் நினைவு இதைவிட மெதுவாகத் தேயும். இருந்தாலும் இரண்டு வருடப் பழைய நோடில் கோடு போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஃபியூச்சர்ஸில் இன்னும் மோசம். காலாவதி ஆன கான்ட்ராக்டில் ஒருவரும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அடுத்தடுத்த மாதக் கான்ட்ராக்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சரிசெய்த சார்ட்டில் பழைய விலைகள் உண்மையில் வியாபாரமான விலைகளே அல்ல.

இனி, நோடு போலத் தெரியும் போலிகள். எனக்கு அதிகம் நஷ்டம் வைத்தது நாள் முடிவில் நடக்கும் ஏலமான குளோசிங் ஆக்‌ஷன். அங்கே ஒரே விலையில் பெரும் வால்யூம் ஒரே அடியில் விழும். குறியீட்டில் பங்குகளைச் சேர்க்கும் நீக்கும் நாள்களில் அது இன்னும் பெரிது. பெரிய நிதியங்கள் விலை பார்த்து வாங்குவதில்லை, கட்டாயத்தில் வாங்குகின்றன. புரொஃபைலில் அது பிரமாதமான நோடு போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த விலையில் பேரமே நடக்கவில்லை. கண்டுபிடிக்கும் வழி: அந்த வரியின் வால்யூம் எத்தனை வெவ்வேறு நாள்களிலிருந்து வந்தது என்று பாருங்கள். 104இன் 1,20,000 என்பது 12 நாள்களில் சேர்ந்ததா, ஒரே நாளில் ஒரே நிமிடத்தில் விழுந்ததா? இரண்டாவது என்றால் நான் அதை அழித்துவிட்டு மறுபடி புரொஃபைல் போடுவேன். ஸ்டைடில்மையரின் பழைய எழுத்து முறை இங்கே கைகொடுக்கும். வால்யூம் பெருத்து, நேரம் மெலிந்து இருந்தால் அது சந்தேகத்துக்குரிய நோடு.

இரண்டாவது போலி, மென்பொருள் உருவாக்குவது. ஒவ்வொரு வியாபாரமும் தனித்தனியாகக் கையில் இல்லாதபோது, பல மென்பொருள்கள் ஒரு கேண்டிலின் வால்யூமை அதன் உச்சிக்கும் அடிக்கும் இடையே பங்கு போட்டு வைத்துவிடும். ஒரு நிமிடக் கேண்டில் என்றால் பெரிய பிழை இல்லை. ஒரு நாள் கேண்டிலில் அப்படிச் செய்தால், வால்யூம் எல்லாம் 104இல் நடந்திருந்தாலும் 101 முதல் 107 வரை சாந்து பூசியதுபோல் பரவிவிடும். ஓரம் என்று நாம் தேடுவதே அதில் கரைந்துபோகும். இதோடு, திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் புரொஃபைல் போடும் வகையும் உண்டு. சார்ட்டைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், பிஓசி வேறு இடத்துக்குத் தாவும். ஒரு நாள் நான் ஆர்டர் போட்ட நோடு, விரலால் திரையைத் தள்ளியதும் காணாமல் போனது. அன்றிலிருந்து தொடக்க நாளை நானே குறித்து வைக்கிறேன்: விலை பெரிய நகர்வை முடித்துச் சுற்றத் தொடங்கிய நாள். நாணயச் சந்தையில் ஒரே பரிமாற்றகம் கிடையாது, ஆகவே முழு வால்யூமும் கிடையாது. அங்கே பெரும்பாலும் கணக்கில் வருவது விலை எத்தனை முறை அசைந்தது என்பதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நோடின் ஓரம் சும்மா போட்ட கோட்டைவிட மேலானதா என்ற கேள்வி நிற்கிறது. மறைமுகமாக ஓர் ஆதாரம் உண்டு. கென்னத் கவாயெக், எலிசபெத் ஆடர்ஸ்-வைட் இருவரும் 2004இல் நியூயார்க் பங்குச் சந்தையின் ஆர்டர் புத்தகத்தை ஆராய்ந்து, சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் என்று சொல்லப்படும் விலைகளில் காத்திருக்கும் ஆர்டர்கள் குவிந்திருப்பதைக் கண்டார்கள். அது வால்யூம் நோடைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆகவே உங்கள் பங்குக்கு நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். விலை ஓரத்தைத் தொடுவதற்கு முந்தைய நாள் வரையான தரவில் மட்டும் நோடைக் கணக்கிடுங்கள். தொட்ட பிறகான வால்யூமும் சேர்ந்துவிட்டால், அங்கே விலை தேங்கியதே நோடைப் பெரிதாக்கி, விதி ஜெயித்ததுபோல் காட்டும். பிறகு விலையிலிருந்து அதே தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சில கோடுகள் போட்டு, அவற்றில் எத்தனை முறை விலை திரும்பியது என்றும் எண்ணுங்கள். சும்மா போட்ட கோட்டிலும் விலை அடிக்கடி திரும்பும். அந்த எண்ணிக்கையைப் பார்த்து முதல் முறை எனக்கு வாய் அடைத்துவிட்டது.

நம் பங்குக்குத் திரும்பினால், ஓரத்துக்கும் மையத்துக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டாப் லாஸ் வைக்கும்போது பச்சையாகத் தெரியும். விலை 106.60 வரை எட்டிப் பார்த்து 107க்கு மேல் முடிந்த பிறகு, 107.20இல் வாங்குபவர் 105.90இல் ஸ்டாப் வைக்கலாம். அவ்வளவு உள்ளே போய்விட்டால் மறுப்பு பொய்த்துவிட்டது, வெளியேற வேண்டியதுதான். ரிஸ்க் 1.30. எதிரே மேல் வயிறு 110இல் தொடங்குகிறது, அங்கே மறுபடி சேறு, அதற்கு முன்பாக 2.80 கிடைக்கலாம். 104இல் ஆர்டர் போட்டுக் காத்திருந்தவரின் நிலை வேறு. விலை அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது என்றாலே ஓரம் உடைந்துவிட்டது என்று பொருள். அவர் தவறு என்று சந்தை சொல்ல 102க்குக் கீழே போக வேண்டும், ஸ்டாப் 101.80 என்றால் ரிஸ்க் 2.20. அதற்குள் விலை 103, 105, 103 என்று நாலு நாள் ஆடிக்கொண்டிருக்கும்.